15ஆம் திகதி 12.40 என்றால் எந்த இரவு?

கேள்வி: ஐயா, நான் கல்முனையில் ஒரு பயண முகவர் நிலையத்தில் எட்டு மாதமாக வேலை செய்கிறேன். பயண ஒழுங்கில் ஏதாவது மாறினால் எங்கள் முதலாளி இரண்டு வரியில் வட்ஸ்அப் அனுப்புவார், அதையே வாடிக்கையாளர்களுக்கும் அனுப்பச் சொல்வார். போன மாதம் களுவாஞ்சிகுடியிலிருந்து திருவண்ணாமலைக்குப் போன 9 பேருக்கு இப்படி அனுப்பினோம்: "அண்ணே, சென்னை பிளைட் டைம் மாறிட்டு. 14 நைட் ஒம்பதரை இல்ல, 15 12.40. எயார்லைன்காரன் செஞ்ச வேல, நாம ஒண்டும் செய்ய ஏலா. ஹோட்டல், வான் எல்லாம் பாத்துக்கலாம். டென்ஷன் ஆக வேணாம். ஓகே தானே?" அதற்குப் பிறகு ஒரு நாள் முழுக்கத் தொலைபேசி ஓயவில்லை. ஒருவர் ஞாயிறு பகல் என்றார், இன்னொருவர் ஞாயிறு இரவு என்றார். கடைசியில் எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆனால் இனிமேல் நீயே ஒழுங்காக எழுதி அனுப்பு என்று முதலாளி சொல்லிவிட்டார். எப்படி எழுதுவது? நீளமாக எழுதினால் யாரும் வாசிக்க மாட்டார்கள் என்கிறார். மன்னிப்புக் கேட்டுத்தான் தொடங்க வேண்டுமா?
(வாசகி, கல்முனை)

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் முதலாளியின் செய்தியில் பேச்சுவழக்கு ஒரு குறையே அல்ல. "ஒண்டும் செய்ய ஏலா" என்று எழுதியதால் யாரும் விமானத்தைத் தவறவிடப் போவதில்லை. ஆபத்து இருப்பது "15 12.40" என்ற இரண்டு எண்களில்தான். ஆகவே நடையைத் திருத்துவதற்கு முன்னர் அந்த எண்களை எடுத்துக்கொள்கிறேன்.

விமான நிறுவனத்துக்கு நாள் நள்ளிரவில் மாறுகிறது. 14ஆம் திகதி இரவு 12 மணி ஆனதும் அதன் கணக்கில் 15 பிறந்துவிடுகிறது. உங்கள் வாடிக்கையாளர்களின் கணக்கு அப்படியல்ல. பஞ்சாங்கம் பார்த்துப் பழகிய களுவாஞ்சிகுடிப் பெரியவருக்கு நாள் சூரிய உதயத்தில்தான் தொடங்குகிறது. நள்ளிரவு கழிந்து நாற்பது நிமிடம் ஆனாலும் அவருக்கு அது இன்னும் சனிக்கிழமை இரவுதான். சாய்ந்தமருதிலோ காத்தான்குடியிலோ உள்ள ஒரு மூத்தவருக்கோ நாள் சூரியன் மறையும்போதே பிறந்துவிடுகிறது. "வெள்ளி இரவு" என்று அவர் சொல்வது மற்றவர்கள் வியாழன் இரவு என்று சொல்லும் இரவாக இருக்கலாம். இந்த மூன்று கணக்குகளும் நம்முடைய கரையோரத்தில் ஒரே தெருவில், சில வேளைகளில் உங்கள் அலுவலக வாங்கிலேயே அருகருகே உட்கார்ந்திருக்கின்றன. ஆகவே "15ஆம் திகதி இரவு" என்று எழுதினாலும், "ஞாயிறு இரவு 12.40" என்று எழுதினாலும், வாசிப்பவர் தம்முடைய கணக்கின்படிதான் விளங்கிக்கொள்வார். அதில் அவருடைய பிழை எதுவும் இல்லை.

இதை நான் பட்டுத்தான் அறிந்துகொண்டேன். மட்டக்களப்பில் நான் பயணச்சீட்டுப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது ஆண்டில், ஒரு குடும்பத்தினருக்கு "உங்கள் விமானம் 22ஆம் திகதி இரவு 12.30" என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். அவர்கள் 22ஆம் திகதி பகல் முழுவதும் பயணம் செய்து, அன்று இரவு 9 மணிக்குக் கட்டுநாயக்கவில் போய் இறங்கினார்கள். விமானம் ஏறத்தாழ இருபது மணி நேரத்துக்கு முன்னரே போயிருந்தது. நான் எழுதிய திகதியும் சரி, நேரமும் சரி. "இரவு" என்ற ஒரு சொல் மட்டும் அவர்களை அடுத்த இரவுக்குக் கொண்டுபோய் விட்டது. நான்கு பேருக்கும் புதிய சீட்டு எடுக்க வேண்டியிருந்தது, அந்தச் செலவில் ஒரு பகுதி என் சம்பளத்தில் கழிந்தது.

அன்று முதல் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடைப்பட்ட நேரத்தை நான் ஒருபோதும் ஒரு நாளின் பெயரால் மட்டும் எழுதுவதில்லை. இரு பக்கத்து நாள்களையும் சொல்லி, அவற்றுக்கு நடுவில் நேரத்தை நிறுத்துகிறேன்: "14ஆம் திகதி சனிக்கிழமை இரவு கழிந்து, 15ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்னர், நள்ளிரவு தாண்டி 12.40". இப்படி எழுதினால் மூன்று கணக்குக்காரரும் ஒரே இரவுக்குத்தான் வந்து சேர முடியும். பயணச்சீட்டில் இந்த நேரம் 00.40 என்று அச்சாகியிருக்கும் என்பதையும் பக்கத்தில் குறிப்பிடுங்கள். சீட்டில் உள்ள எண்ணும் உங்கள் செய்தியில் உள்ள எண்ணும் வேறுபட்டுத் தோன்றினால் மக்கள் சீட்டையும் நம்பாமல், செய்தியையும் நம்பாமல் மூன்றாவதாக ஒருவரிடம் கேட்கப் போய்விடுவார்கள்.

இன்னொரு விடயம். விமானத்தின் நேரம் பயணிக்கு நேரடியாகத் தேவைப்படுவதில்லை. அவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு வாசலில் நிற்க வேண்டிய நேரமே அவருக்குத் தேவை. களுவாஞ்சிகுடியிலிருந்து மட்டக்களப்பு, வாழைச்சேனை, பொலன்னறுவை, ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாகக் கட்டுநாயக்கவுக்குப் போகும் வான், வயதானவர்கள் இறங்கி ஏறவும் சாப்பிடவும் விடும் நேரத்தையும் சேர்த்தால், பத்து மணி நேரம் எடுக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். விமானம் 00.40 என்றால் சனிக்கிழமை இரவு 9.30க்கு விமான நிலையத்தில் இருப்பது நல்லது, ஏனெனில் செக்-இன் கருமபீடத்தைப் பெரும்பாலான நிறுவனங்கள் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு முன்னர் மூடிவிடுகின்றன. அப்படியானால் வான் சனிக்கிழமை முற்பகல் 11.30க்குக் களுவாஞ்சிகுடியை விட்டுக் கிளம்ப வேண்டும். அறிவித்தலின் தலையில் நிற்க வேண்டியது இந்த 11.30தான். விமானத்தின் திகதி மாறியிருந்தும், வீட்டை விட்டுக் கிளம்பும் நாள் மாறவில்லை. அதே சனிக்கிழமைதான், இரண்டு மணி நேரம் மட்டுமே பிந்துகிறது. இந்த ஒரு வாக்கியம் முதலாளியின் செய்தியில் இருந்திருந்தால் உங்கள் தொலைபேசிக்குப் பாதி அழைப்புகள் வந்திருக்காது.

வானை 12.30க்குக் கிளப்பினாலும் நேரம் காணும் என்று வான்காரர் சொல்லக்கூடும். நான் என்றால் சம்மதிக்க மாட்டேன், நேரம் போதாது என்பதற்காக அல்ல. ஒரே அறிவித்தலில் பகல் 12.30 ஒன்றும் நள்ளிரவு 12.40 ஒன்றும் இருந்தால், தொலைபேசியில் வாய்மொழியாக அடுத்தவருக்குச் சொல்லும்போது அவை ஒன்றோடொன்று கலந்துவிடும்.

இனி, எழுதத் தொடங்குவதற்கு முன்னர் முதலாளியிடம் கேட்க வேண்டியவை. "டைம் மாறிட்டு" என்று அவர் சொல்லும்போது, அது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். அமேடியஸ் போன்ற முன்பதிவுத் திரையில் அந்தக் குழுவின் பதிவைத் திறந்து பாருங்கள். ஒழுங்காக இருக்கும் பயணத்தின் வரிசையில் HK என்று நிற்கும். நிறுவனம் நேரத்தை மாற்றும்போது பழைய வரிசை UN என்றும், அதற்குப் பதிலாக வந்த புதிய வரிசை TK என்றும் தோன்றும். UN மட்டும் வந்து, துணைக்கு TK இல்லாவிட்டால் அந்த விமானம் பதிவிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது, மாற்று இன்னும் தரப்படவில்லை என்று பொருள். அந்த நிலையில் புதிய நேரம் எதையும் வாடிக்கையாளருக்கு எழுதக் கூடாது. TK வந்திருந்தால் நிறுவனம் ஒரு நேரத்தைத் தர முன்வந்திருக்கிறது, நீங்கள் இன்னும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. பல நிறுவனங்கள் தாங்களே நேரத்தை மாற்றும்போது வேறு நாளுக்கு மாறவோ, பணத்தைத் திரும்பப் பெறவோ பயணிக்கு இடம் கொடுக்கின்றன. எவ்வளவு மாற்றத்துக்கு என்ன சலுகை என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். வாடிக்கையாளரைக் கேட்காமல் ஏற்றுக்கொண்டுவிட்டு, அவர் பிறகு "எனக்கு இந்த நேரம் ஒத்துவராது" என்று சொன்னால், அந்தச் சலுகையைக் கேட்டுப் பெறுவது கடினமாகிவிடும்.

ஏற்றுக்கொண்ட பிறகும் ஒரு வேலை மிஞ்சுகிறது. திகதி மாறிய இடத்தில் பயணச்சீட்டும் புதிய திகதியோடு திருத்தி எடுக்கப்பட வேண்டும். முன்பதிவில் ஒரு திகதியும் சீட்டில் வேறொரு திகதியுமாக நின்றால், அது செக்-இன் கருமபீடத்தில்தான் வெளிப்படும், அதுவும் இரவு 10 மணிக்கு, உங்கள் அலுவலகம் பூட்டியிருக்கும் வேளையில். ஆகவே "உறுதி செய்யப்பட்டுள்ளது" என்ற தொடரைத் திருத்திய சீட்டைக் கண்ணால் பார்த்த பின்னரே எழுதுங்கள். அதற்கு முன்னர் எழுதத் தகுந்தது, "விமான நிறுவனம் புதிய நேரத்தைத் தந்துள்ளது; சீட்டுகள் திருத்தப்பட்டு வந்ததும் உங்களுக்கு அனுப்புவோம்" என்பது மட்டுமே.

அடுத்து, விமானம் மாறியதால் வேறு எவை அசைகின்றன என்று பயண ஒழுங்கை மேலிருந்து கீழாகப் பாருங்கள். பழைய ஒழுங்கின்படி இவர்கள் சனிக்கிழமை இரவு 10.55க்குச் சென்னையில் இறங்கி, விடுதியில் தூங்கி, ஞாயிறு காலை 6 மணிக்குத் திருவண்ணாமலைக்குக் கிளம்புவதாக இருந்திருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். புதிய நேரப்படி இறங்குவது அதிகாலை 2.05க்கு. இங்கேதான் புதிதாக வேலைக்கு வந்தவர்கள் வழக்கமாக ஒரு பிழை விடுவார்கள். விமானம் 14இலிருந்து 15க்குப் போய்விட்டதே என்று, விடுதிப் பதிவையும் 15க்கு நகர்த்திவிடுவார்கள். விடுதியின் கணக்கில் 15ஆம் திகதி அறை என்றால் அன்று நண்பகல் அளவில்தான் கிடைக்கும். அதிகாலை 3 மணிக்குப் பெட்டி படுக்கையோடு போய் நிற்கும் 9 பேரும் வரவேற்பறை நாற்காலிகளில் விடியும்வரை உட்கார்ந்திருக்க நேரிடும். அறை 14ஆம் திகதிக்கே இருக்கட்டும். ஆனால் விடுதிக்கு "விருந்தினர் அதிகாலை 3.30 அளவில் வருவார்கள், அறைகளை விட்டுவிட வேண்டாம்" என்று எழுதி, எழுத்திலேயே பதில் வாங்க வேண்டும். இல்லாவிட்டால் நள்ளிரவு வரை பார்த்துவிட்டு, வரவில்லை என்று குறித்துவிடும் விடுதிகளும் உண்டு.

காலை 6 மணிக்கு பஸ் ஏற முடியாது, 9.30 என்று வைத்தால்தான் நியாயம். சென்னையிலிருந்து திருவண்ணாமலை ஏறத்தாழ 200 கிலோமீற்றர், நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். போய்ச் சேரும்போது அருணாசலேசுவரர் கோயிலில் மதியம் நடை சாத்தியிருக்கும். ஆகவே காலைத் தரிசனம் மாலைத் தரிசனமாகிறது. இது இந்தக் குழுவுக்கு விமான நேரத்தைவிடப் பெரிய விடயம். காலையில் சுவாமியைப் பார்க்கும்வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது என்று இருப்பவர்கள் அதில் இருப்பார்கள். முதலாளியின் செய்தியில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. "எல்லாம் பாத்துக்கலாம்" என்பதற்குள் அது புதைந்து கிடக்கிறது.

அந்தத் தொடரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். "பாத்துக்கலாம்", "டென்ஷன் ஆக வேணாம்" என்பவை நேரில், சிரித்த முகத்தோடு, தேநீர்க் கோப்பையைத் தள்ளிவைத்துச் சொன்னால் ஆறுதல்தான். எழுத்தில் வரும்போது, பார்க்க வேண்டியது ஏதோ இருக்கிறது, அதை இன்னும் யாரும் பார்க்கவில்லை என்றுதான் அவை படும். பயப்பட வேண்டாம் என்று எழுதியதை வாசித்த பின்னர்தான் பலருக்குப் பயம் வரத் தொடங்குகிறது. ஆறுதலான அறிவித்தலில் ஆறுதல் சொல் ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம். விடுதிக்குச் சொல்லியாகிவிட்டது, வான்காரர் ஒத்துக்கொண்டுவிட்டார், மேலதிகப் பணம் கேட்க மாட்டோம், திரும்பி வரும் விமானம் மாறவில்லை என்ற நான்கு செய்திகளும் இருந்தால் வாசிப்பவர் தாமாகவே ஆறுதலடைவார். அவற்றில் செய்து முடித்ததை முடித்ததாகவும், முடியாததை எந்த மணிக்குள் முடிப்போம் என்றும் எழுதுங்கள். "விரைவில் அறியத் தருவோம்" என்று எழுதினால் ஒவ்வொரு மணி நேரமும் ஒருவர் அழைத்து "அறிஞ்சாச்சா?" என்று கேட்பார், "புதன்கிழமை மாலை 4 மணிக்குள்" என்று எழுதினால் புதன்கிழமை மாலை 4.05 வரை உங்களை விட்டுவைப்பார்கள்.

மன்னிப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மன்னிப்போடு தொடங்க வேண்டாம். வருத்தத்தோடு தொடங்கும் செய்தியைத் திறந்தவர் பயணமே நின்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டுதான் அடுத்த வரிக்குப் போவார். இந்தக் குழு உண்மையில் இழப்பது காலைத் தரிசனத்தையும் ஓர் இரவின் தூக்கத்தையும். அந்த இழப்பைச் சொல்லும் இடத்தில், அதற்காக மட்டும், ஒரு முறை வருந்தினால் போதும். "எயார்லைன்காரன் செஞ்ச வேல" என்பதையும் எடுத்துவிடுங்கள். மாற்றியது யார் என்பதை வாடிக்கையாளர் அறிந்திருக்க வேண்டும்தான், அதற்கு "விமான நிறுவனம் நேரத்தை மாற்றியுள்ளது" என்ற ஒரு வாக்கியம் போதும். அதற்குமேல் போனால் நீங்கள் கையைக் கழுவிக்கொள்வதாகத் தோன்றும்.

இவற்றையெல்லாம் சேர்த்து நான் எழுதியிருந்தால் அந்த அறிவித்தல் இப்படி இருந்திருக்கும். நிறுவனப் பெயரையும் விமான இலக்கத்தையும் இங்கே விட்டிருக்கிறேன், உங்கள் அறிவித்தலில் அவை கட்டாயம் வேண்டும்.

"திருவண்ணாமலை யாத்திரைக் குழுவினருக்கு (9 பேர்), மார்ச் 10 செவ்வாய்க்கிழமை, அறிவித்தல் 1.

நீங்கள் வீட்டிலிருந்து கிளம்பும் நாள் மாறவில்லை: மார்ச் 14 சனிக்கிழமை. கிளம்பும் நேரம் மட்டும் காலை 9.30இலிருந்து முற்பகல் 11.30க்கு மாறுகிறது. வான் களுவாஞ்சிகுடியில் முன்பு சொன்ன அதே இடத்தில் நிற்கும். வான் ஓட்டுநருக்குப் புதிய நேரத்தைச் சொல்லிவிட்டோம்.

விமான நிறுவனம் சென்னை விமானத்தின் நேரத்தை மாற்றியுள்ளது. முன்னர் சனிக்கிழமை இரவு 9.30க்குப் புறப்படுவதாக இருந்த விமானம், இப்போது சனிக்கிழமை இரவு கழிந்து 15ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்னர், நள்ளிரவு தாண்டி 12.40க்குப் புறப்படும். பயணச்சீட்டில் இது 15ஆம் திகதி 00.40 என்று இருக்கும். அதிகாலை 2.05க்குச் சென்னையில் இறங்குவீர்கள்.

சென்னை விடுதியில் உங்கள் அறைகள் சனிக்கிழமை இரவிலிருந்தே உங்களுக்காக இருக்கும். நீங்கள் அதிகாலை 3.30 அளவில் வருவதை விடுதியினர் எழுத்தில் ஏற்றுக்கொண்டுள்ளனர். ஓய்வெடுப்பதற்காக, ஞாயிறு காலை 6 மணிக்குக் கிளம்ப இருந்த பஸ் 9.30க்குக் கிளம்பும். இதனால் ஞாயிறு காலையில் செய்ய இருந்த தரிசனத்தை அன்று மாலை, நடை திறந்த பின்னரே செய்ய முடியும்; இதற்காக வருந்துகிறோம். திங்கட்கிழமை முதல் பயண ஒழுங்கில் மாற்றம் இல்லை. 21ஆம் திகதி சனிக்கிழமை திரும்பி வரும் விமானத்திலும் மாற்றம் இல்லை. இந்த மாற்றத்துக்காக உங்களிடம் மேலதிகப் பணம் கேட்க மாட்டோம்.

புதிய நேரம் உங்களுக்கு ஒத்துவராவிட்டால், மாற்று வழிகளைப் பேசுவதற்கு நாளை புதன்கிழமை, 11ஆம் திகதி, நண்பகலுக்குள் எங்களை அழையுங்கள். திருத்திய பயணச்சீட்டுகளை அன்று மாலை 4 மணிக்குள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்புவோம். பழைய அச்சுப் பிரதியைக் கொண்டுவர வேண்டாம்.

இதைப் பார்த்ததும், சனிக்கிழமை எத்தனை மணிக்கு வானுக்கு வருவீர்கள் என்று ஒரு வரியில் பதில் எழுதுங்கள்."

இது முதலாளியின் செய்தியைவிடப் பல மடங்கு நீளம். நீளமாக எழுதினால் வாசிக்க மாட்டார்கள் என்று அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. பலர் முதல் நான்கு வரியைத்தான் உடனே வாசிப்பார்கள். அதனால்தான் நாளும், கிளம்பும் நேரமும், வானும் அங்கே இருக்கின்றன. அதோடு நிறுத்திக்கொண்டவரும் விமானத்தைத் தவறவிட மாட்டார். எஞ்சியதைச் சாப்பிட்டு முடித்து, கண்ணாடி போட்டுக்கொண்டு வாசிப்பார்கள், அல்லது கட்டாரிலோ லண்டனிலோ இருக்கும் மகனுக்கு அனுப்பி அவரை வாசித்துச் சொல்லச் சொல்வார்கள். அந்த மகனுக்கு முன்கதை எதுவும் தெரியாது. ஆகவே இந்த ஒரு செய்தியை மட்டும் வைத்துக்கொண்டு அவர் எல்லாவற்றையும் விளங்கிக்கொள்ளக்கூடியதாக இருக்க வேண்டும். இருவேறு சிறிய செய்திகளாக உடைத்து அனுப்பினால் ஒன்று போகும், மற்றது நிற்கும்.

இப்படிக் கைமாறும் என்பதால்தான் அறிவித்தலில் முன்பதிவின் பி.என்.ஆர். இலக்கத்தை நான் சேர்க்கவில்லை. அந்த ஆறு எழுத்தும் பயணியின் குடும்பப் பெயரும் தெரிந்தால் யாரும் நிறுவனத்தின் இணையத்தளத்தில் அந்தப் பதிவைத் திறந்துவிட முடியும். அது தனித்தனியாக அனுப்பும் சீட்டில் இருந்தால் போதும். கடவுச்சீட்டு இலக்கத்தையும் குழுச் செய்தியில் போட வேண்டாம்.

பழைய பிரதி வேண்டாம் என்று எழுதியதற்கும் காரணம் உண்டு. பெரியவர்கள் பழைய சீட்டை மடித்து, திருநீற்றுப் பையோடு பத்திரமாக வைத்திருப்பார்கள். கருமபீடத்தில் அதைத்தான் முதலில் எடுப்பார்கள். பின்னொரு நாள் திரும்பும் விமானத்தின் திகதி மாறினால் இந்த வரி இன்னும் முக்கியம், ஏனெனில் சென்னையில் முனையத்தின் வாசலிலேயே பாதுகாப்புப் படையினர் சீட்டைப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள்.

"நாளை" என்று எழுதிய இடத்தில் கிழமையையும் திகதியையும் சேர்த்திருப்பதைக் கவனியுங்கள். இரவு 11 மணிக்கு அனுப்பிய "நாளைக்கு" மறுநாள் காலை 7 மணிக்கு வாசிக்கப்படும்போது ஒரு நாள் நகர்ந்துவிடும். "அடுத்த வெள்ளி" என்பதும் அப்படித்தான். சிலருக்கு அது வருகின்ற வெள்ளி, சிலருக்கு அதற்கு அடுத்தது. "முன்னுக்குப் போட்டிருக்கு" என்பதையும் நான் எழுத்தில் பாவிப்பதில்லை. பழைய நேரத்தையும் புதிய நேரத்தையும் அருகருகே வைத்துவிட்டால் முந்தியதா பிந்தியதா என்பது தெரிந்துவிடும்.

"ஓகே தானே?" என்று கேட்டால் "ஓகே" என்றோ, பெருவிரல் படமாகவோ பதில் வரும். செய்தி கிடைத்தது என்பதற்கு மட்டுமே அது அத்தாட்சி. எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று கேட்டால், "சனி 11.30" என்று எழுதியவர் விளங்கிக்கொண்டார் என்று அறியலாம். "ஞாயிறு 11.30" என்று எழுதியவரை உடனே அழைக்கலாம். 9 பேரில் எட்டுப் பேரின் பதில் வந்து ஒருவருடையது வராவிட்டால், அந்த ஒருவரிடம் புதன்கிழமைக்குள் தொலைபேசியில் பேசிவிடுங்கள். எழுத வாசிக்கச் சிரமப்படுபவர் என்றால் அறிவித்தலின் முதல் பந்தியை மட்டும் உங்கள் குரலில் பதிந்து அனுப்பலாம், அப்போது பேச்சுவழக்கிலேயே பேசுங்கள். எண்களை மட்டும் மாற்றாதீர்கள்.

இரண்டாவது முறையும் நேரம் மாறினால், மாறிய வரியை மட்டும் எழுதித் திருத்தம் என்று அனுப்ப வேண்டாம். முழு அறிவித்தலையும் புதிதாக எழுதி, "அறிவித்தல் 2. 10ஆம் திகதி அனுப்பிய அறிவித்தல் 1 இனிச் செல்லாது" என்று தலையில் போடுங்கள். வட்ஸ்அப்பில் மேலே தள்ளிப் பார்ப்பவருக்கு எது பழையது, எது புதியது என்று தெரிய வேறு வழியில்லை.

எதுவும் மாறாவிட்டாலும், கிளம்புவதற்கு முந்திய நாள் மாலையில் ஒரு குறுஞ்செய்தி போக வேண்டும். அதை முதலாளி விரும்பும் நீளத்திலேயே எழுதலாம்: "நாளை, 14ஆம் திகதி சனிக்கிழமை, முற்பகல் 11.30க்கு வான். கடவுச்சீட்டையும் புதிய பயணச்சீட்டையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநரின் இலக்கம் கீழே உள்ளது."